மேல் அம்பு

ஆய்வகக் கட்டிடத்துக் கணினிகளையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் தணிக்கை மேடம் மூன்று குறை கண்டுபிடித்தார். நுழைவில் எச்சரிக்கைக்குப் பதிலாக வரவேற்பு இருக்கிறது. சும்மா கிடக்கும் இணைப்பு தானாக மூடுவதில்லை. கடவுச்சொல்லை எத்தனை தடவை தப்பாக அடித்தாலும் பூட்டிக்கொள்வதில்லை.

"'வாங்க, கையைக் கழுவிட்டு வாங்க'ன்னு எழுதி வச்சிருக்கீங்களேம்மா! நாளைக்குத் திருடன் மாட்டினா, கூப்பிட்டாங்க வந்தேன்னு சொல்ல மாட்டானா?" என்றார். "மூணு மணிக்கு வர்றேன். சரி பண்ணி வைங்க."

சிரித்து வைத்தேன். அந்த வாசகத்தை எழுதியது மீசை. மீசையே முளைக்காததால் அந்தப் பெயர். இந்தக் கட்டிடத்துக்கு ஒயர் இழுத்ததெல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு நான் வாயாடி.

என் மேஜையிலிருந்தே எல்லாவற்றையும் மாற்றினேன். கடவுச்சொல்லும் புதிது. 'அனுமதியில்லாதவர்கள் நுழையக் கூடாது, நடப்பதெல்லாம் பதிவாகும்' என்று வாசகம். தொலைவிலிருந்து நுழையும் வழிகளில் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் மூடல். ஒரு நிமிடத்தில் மூன்று தவறு என்றால் பத்து நிமிடம் யாரையும் விடாதே. சேமித்துவிட்டு வெளியே வந்தேன். மறுபடி நுழையப் போனால் சுவிட்ச் என்னையே விடவில்லை.

பத்து நிமிடம் காத்தேன். திறந்தது, நான் அடித்து முடிப்பதற்குள் மூடிக்கொண்டது. எங்கிருந்தோ ஏதோ ஒன்று பழைய கடவுச்சொல்லை விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. பூட்டு என் கைவரிசை, வெளியே நிற்பதும் நானே. தலையில் அடித்துக்கொண்டேன்.

சுவிட்ச் இருக்கும் அறைக்கே போய், லேப்டாப்பிலிருந்து அதன் கன்சோல் துளையில் நேராகக் கேபிளைச் செருகினால் இந்தப் பூட்டு தடுக்காது. ஆனால் அந்த அறைக்கு நான் போய் ஆறு வருஷமாகிறது. வேலை இல்லாமல் இல்லை, மனசு வரவில்லை; எல்லாவற்றையும் மேஜையிலிருந்தே பார்த்துக்கொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாள், கன்சோலில் மீசை தன் பெயரில் நுழைந்து வைத்திருந்தான். நேர வரம்பைப் பூஜ்யமாக்கியிருந்தோம்; கேபிளைப் பிடுங்கினாலும் உள்ளே இணைப்பு அப்படியே திறந்திருக்கும். அவன் போன பிறகு நான் செருகி, ஒரு வழித்தடம் அனுமதிக்கும் நெட்வொர்க் எண்களோடு புது எண்ணைச் சேர்க்கப் போனேன். 'சேர்' என்ற ஒரு சொல்லை அடிக்க மறந்தேன். பழைய எண்கள் அத்தனையும் போய், ஆய்வகம் ஒரு மணி நேரம் முடங்கியது. பதிவில் அவன் பெயர். மேனேஜர் கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான். வாயாடியின் வாய் அன்று திறக்கவே இல்லை. அந்த வாரக் கடைசியில் அவனை அனுப்பிவிட்டார்கள்.

இன்று அறையில் அதே குளிர், அதே மூணுகால் ஸ்டூல். கேபிளைச் செருகி என்டர் தட்டினேன். கடவுச்சொல் கேட்கும் என்று பார்த்தால் கேட்கவில்லை. நேராக உள்ளே நின்றேன்.

காலையில் தொலைவு வழிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன். கன்சோல் நினைவுக்கே வரவில்லை. யூபிஎஸ் புண்ணியத்தில் ஆறு வருஷமாக சுவிட்ச் ஒரு தடவைகூட அணையவில்லை. இது மீசை திறந்துவிட்டுப் போன இணைப்பு.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து போகிறவர் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி அடிப்பார். சுவிட்சுக்குப் புரியாது, தப்பு என்று சொல்லும்; ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிறவர் கீபோர்டில் மேல் அம்பைத் தட்டினால் அந்த வரி வரும். 'ஏசி ஒழுகுது, பக்கெட் வை.' 'வாயாடி, என் குடை எங்கே?' எவ்வளவு சிரித்திருப்போம் இந்த ஸ்டூலில்!

மேல் அம்பைத் தட்டினேன்.

'நீ அடிச்சதுன்னு அன்னைக்கே தெரியும். சேர்ங்கிற சொல்லு விட்டுப்போச்சு, அவ்வளவுதான். போன் பண்ணு.'

எனக்கு அழுகை வந்தது. நான் தவிர்த்த இந்த அறையில் ஆறு வருஷம் இது எனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

மணி இரண்டேகால். தோற்ற நுழைவுகளின் பட்டியலைப் பார்த்தேன். பழைய கடவுச்சொல்லை விடாமல் அடித்தது எங்கள் பேக்கப் சர்வர்தான். அதற்குப் புதுக் கடவுச்சொல்லைச் சொல்ல நான் மறந்திருந்தேன். போனில் ஆபீஸுக்குச் சொல்லி மாற்றினேன். பூட்டு நேரத்திலும் என் மேஜைக்கு வழி விட்டேன். கன்சோலுக்குப் புதுக் கடவுச்சொல் வைத்தேன். மிச்சம் ஒன்றுதான்: கன்சோலுக்கும் ஐந்து நிமிடம். அடித்தேன், சேமித்தேன்.

இனி நான் எதையாவது தட்டிக்கொண்டே இருந்தால் அவன் இணைப்பு இருக்கும். மேல் அம்பைத் தட்டித் தட்டி அந்த வரியை ஒரு தடவை திரையில் கொண்டுவந்தேன். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் கழித்து இணைப்பு மூடிக்கொண்டது. என்டர் தட்டினேன். 'அனுமதியில்லாதவர்கள் நுழையக் கூடாது' என்றது சுவிட்ச்.

போனை எடுத்து, ஆறு வருஷமாக அழிக்காத எண்ணை அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தான்.

"யாரு?"

"நான்தான், வாயாடி. அன்னைக்கு அடிச்சது நான்தான்டா."

"இப்பத்தான் கன்சோல் கேபிள் கெடச்சுதா உனக்கு?" என்றான்.