ரவுதாவுக்கு மட்டும் வந்த எச்சரிக்கைகள்

துனிஸில் செட்லி நடத்திய படத்தொகுப்பு நிலையத்தில், எல்லாப் படமும் நான்கு டிஸ்க் கொண்ட ஒரே நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியில் இருந்தது. ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டாவதும் போனால் எல்லாமே போகும். வேறு நகல் கிடையாது.

அந்தப் பெட்டிக்கு மெயில் எச்சரிக்கை வைத்தவள் தொகுப்பாளர் ரவுதா. மெயில் கணக்கின் வழக்கமான கடவுச்சொல் எடுபடாததால், பெட்டிக்கென்றே தனியாக ஒன்று உருவாக்கினாள். சோதனை மெயில் குப்பைப் பகுதிக்குள் போய் விழுந்தது. தேடியெடுத்து நல்லதென்று குறித்தாள். டிஸ்க் கெட்டால், சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டினால், இடம் எண்பத்தைந்து சதவீதம் நிரம்பினால் மெயில் வரும். செட்லி தன் முகவரியைக் கொடுக்க மறுத்துவிட்டார். தன் மெயில் ஏற்கெனவே நிரம்பி வழிகிறதாம்.

ஈத் பெருநாளுக்கு மறுநாள் காலை மூன்றும் சேர்ந்து வந்தன. மூன்றாவது டிஸ்க்கில் கெட்ட பகுதிகள் பெருகுகின்றன. சூடு ஐம்பத்தேழு. இடம் தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

ரவுதா ஓடி வந்து பார்த்தாள். பெட்டி இருந்த அறையில் ஏசி நின்றுபோயிருந்தது. கதவைத் திறந்து மின்விசிறி வைத்தாள். சூடு குறைந்தது, ஆனால் மூன்றாவது டிஸ்க் செயலிழந்துவிட்டது. மாற்று டிஸ்க் வாங்கக் கடை எதுவும் திறக்கவில்லை. கையில் இருந்த வெளி டிஸ்க்கோ சிறியது, எல்லாவற்றுக்கும் போதாது. சற்று நேரத்தில் அடுத்த மெயில்: இரண்டாவது டிஸ்க்கும் தடுமாறுகிறது.

விடுமுறைக்கு ஜெர்பா தீவுக்குப் போயிருந்த செட்லிக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னாள்.

"குளிர்பான விளம்பரத்த முதல்ல எடு. நாளன்னைக்குக் கொடுக்கணும்."

"செட்லி சார், அதத் திரும்ப எடுத்துக்கலாம். ஜர்ஜிஸ் ஊர்த் தாய்மார் பேசினத திரும்ப எடுக்க முடியாது. ரெண்டு பேர் செத்தே போயிட்டாங்க."

"நான் சொன்னதச் செய்."

கடலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாய்மாரின் பேச்சை, கேமராவுக்குப் பின்னால் நின்று இரண்டு கோடைகள் பதிவு செய்தவள் அவள்தான். விளம்பரத்தின் கோப்புறையைத் திறந்தாள், மூடினாள். நகலெடுக்கத் தொடங்கியது தாய்மாரைத்தான். எழுந்து போகவும் முடியாது, செய்வதற்கும் ஒன்றுமில்லை. எவ்வளவு நகலானது என்று திரையில் காட்டும் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அது முடிந்தது. விளம்பரத்தில் கால்வாசி வருவதற்குள் இரண்டாவது டிஸ்க்கும் நின்றது. மொத்தப் பெட்டியும் செயலிழந்துவிட்டதாகக் கடைசி மெயில் வந்தது.

திரும்பி வந்த செட்லி கத்தவில்லை. அவள் போனை வாங்கி மெயில்களின் நேரங்களை வரிசையாகப் படித்தார்.

"காலைல ஒன்பது பத்துக்கே உனக்குத் தெரியும். உனக்கு மட்டுந்தான் தெரியும்."

விளம்பரத்தைச் சம்பளமில்லாமல் திரும்ப எடுத்துத் தருவதாக ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதுவரை அவள் வேறெங்கும் வேலைக்குப் போகக் கூடாது.

புதுப் பெட்டி வந்தபோது எச்சரிக்கைக்கு யார் முகவரி போடுவதென்று ரவுதா கேட்டாள். அவளுடையதே இருக்கட்டும் என்றார் செட்லி.