நகல்: மேலாளர்

எடை இயந்திரம் பழுதுபார்க்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில் அவளுக்கு நேர்காணல் முடிந்து வாரங்கள் ஓடிவிட்டன. "ரெண்டு நாள்ல மேனேஜர் சொல்லிடுவார்மா" என்று முதலாளி சிரித்த முகமாகத்தான் அனுப்பிவைத்தார். மேலாளரோ முதலில் "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று இழுத்தார். பிறகு போனையே எடுக்கவில்லை.

அந்தத் தெரு வழியாகப் போனவளுக்கு வயிற்றெரிச்சலாகிவிட்டது. அவள் உட்கார வேண்டிய முன்மேசையில் யாரோ ஒருவன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"ஆளை முன்னாடியே முடிவு பண்ணிட்டு என்னை வெச்சு நாடகம் ஆடியிருக்காங்க, அண்ணி!"

வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அண்ணி, அவள் மேலாளருக்கு எழுதியிருந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "'தங்கள் மௌனத்தின் காரணம் எனக்குத் தெரியும்.' ஏன்டி, நான் தினம் அடிக்கிற நோட்டீஸே இதைவிடச் சாது."

திருத்தி எழுதியதில் பொன்னான நேரம், பெருங்கருணை, பணிவான வணக்கம் எல்லாம் வரிசைகட்டி நின்றன.

"இப்போ கால்லயே விழுந்துட்டே. என்ன கேக்கறேன்னுதான் தெரியலை."

இருவரும் சேர்ந்து எழுதினார்கள். மதிப்பிற்குரிய ஐயா. பொருள்: அலுவலக உதவியாளர் பணி, நேர்காணல் முடிவு அறிய வேண்டுதல். 'நேர்காணலில் தாங்கள் காட்டிய கனிவுக்கு நன்றி. அப்பணியில் சேர இன்றும் விருப்பமாக உள்ளேன். முடிவு எதுவாயினும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், மற்ற வாய்ப்புகளைக் குறித்து முடிவெடுக்க உதவியாக இருக்கும்.'

"பெறுநர் மேனேஜர்தானே?"

"வேலை குடுக்கறது முதலாளி. அவருக்கே எழுது. கீழே 'நகல்: மேலாளர்'னு போடு, கோள் சொன்ன மாதிரி இருக்காது."

மறுநாள் கடிதத்தோடு நிறுவனத்துக்குப் போனாள். முன்மேசைக்காரன் கையை நீட்டினான். "குடுங்க, நான் சேர்த்துடறேன்."

"பரவாயில்லைங்க, காத்திருக்கேன்." அவனிடம் கொடுத்தால் கடிதம் குப்பைக்கூடை தாண்டாது என்று அவள் மனம் அடித்துச் சொன்னது.

முதலாளி வந்து, நின்றபடியே படித்தார். புருவம் சுருங்கியது. "இன்றும் விருப்பமாவா? சம்பளம் போதாது, வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே!"

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க. என்கிட்ட யாரும் சம்பளமே பேசலை."

உள்ளறையிலிருந்து எட்டிப்பார்த்த மேலாளர், தன் நகலைக் கையில் வாங்கியதும் வெளுத்துப்போனார். "என்னாச்சு அத்தான்?" என்று முன்மேசைக்காரன் எழுந்தபோதுதான், அவன் அவருடைய மச்சினன் என்பது அவளுக்குத் தெரிந்தது. முதலாளி யாரையும் திட்டவில்லை. "எழுத்துல கேட்டிருக்கீங்க. எழுத்துலயே பதில் தரேன்" என்றார்.

தட்டிக்கழிக்கிறார் என்றே நினைத்தாள். ஆனால் வியாழக்கிழமையே பதில் வந்தது. தவறான தகவலால் அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது, வருந்துகிறோம். உதிரிபாகப் பிரிவில் அதே சம்பளத்தில் ஓர் இடம் உண்டு, சம்மதமா?

பதிலின் கீழிருந்த கையெழுத்தை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலாளியுடையதுதான். சந்தோஷம் வந்தது, முழுசாக நம்பத்தான் மனம் வரவில்லை. அதே மேலாளர் அங்கேதானே இருப்பார்?

"அண்ணி, 'பணி உத்தரவை எழுத்தில் தாருங்கள், நான் நேரடியாகத் தங்களின் கீழேயே பணிபுரிவேன்'னு எழுதினா தப்பா?"

"தப்பில்லை. முன்னாடி 'அன்புகூர்ந்து'ன்னு ஒண்ணு சேர்த்துக்க."