காட்டாத பாதி

ஓய்வு பெற்ற பிறகு வங்கிக் கணக்கில் விழுந்த முதல் ஓய்வூதியத்தைப் பார்த்ததும், பாதி மாதத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். அவர் மனைவியும் அப்படியே நினைத்தாள். "மீதி அடுத்த மாசம் சேர்ந்து வரும், விடுங்க" என்றாள். அடுத்த மாதமும் அதே தொகைதான் வந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே பட்டறை. ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி வெட்டித் தரும் இடம். ஆளுயரக் கண்ணாடிப் பலகையை மேசையில் கிடத்தி, வெட்டுச் சக்கரத்தை ஒரே இழுப்பில் இழுத்து, விளிம்பில் மெல்லத் தட்டினால் அது கோடு பிடித்து இரண்டாகப் பிரியும். அந்தத் தட்டலில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. பட்டறை அவர் மனைவியின் தம்பியுடையது. வேலை நேரத்தில் அவனை முதலாளி என்பார். வீட்டுக்கு வந்தால் மாப்ள. அவன் இரண்டு இடத்திலும் வாய் நிறைய மாமா என்றுதான் கூப்பிடுவான்.

மூன்றாவது மாதம் அவர் தனியாக ஓய்வூதிய நிதி அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் அலுவலர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க சம்பளம் எவ்வளவு?"

அவர் சொன்னார்.

"எங்களுக்கு வந்த கணக்குல அதுல பாதிதான் இருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே."

பையில் இருந்த சம்பளச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் அடிப்படைச் சம்பளம் என்று ஒரு வரி. கிட்டத்தட்ட அதே அளவு தொகைக்கு சிறப்புப் படி என்று இன்னொரு வரி.

"இந்தப் படி எல்லாருக்கும் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டுங்க. மாசம் தவறாது."

"அப்ப அதுவும் சம்பளம்தான். பேருதான் வேற. உங்க பங்கு, முதலாளி பங்கு ரெண்டையும் முழுச் சம்பளத்து மேலதான் கட்டியிருக்கணும். அவங்க அடிப்படையை மட்டும் காட்டிட்டு மீதியை மறைச்சுட்டாங்க. நாங்க ஓய்வூதியம் போடறது, நீங்க வேலை பார்த்த காலம் முழுக்க எங்ககிட்ட காட்டின சம்பளத்தோட சராசரியை வச்சு. காட்டினது பாதின்னா வர்றதும் பாதி." அலுவலர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "வருஷா வருஷம் உங்க வீட்டுக்குக் கணக்குத்தாள் வந்திருக்குமே, பார்க்கலையா?"

"மச்சினன் பட்டறைங்க" என்றார் கண்ணாடிக்காரர், அது ஒரு பதில் போல.

அலுவலர் பெருமூச்சு விட்டார். புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், கிடைக்கிற சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு நகலையும் இணைக்க வேண்டும், கூட வேலை பார்த்தவர்கள் வாக்குமூலம் கொடுத்தால் பலம், ஆய்வாளர் போய்ப் பட்டறைக் கணக்கைப் பார்ப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. நீங்க புகார் குடுக்கற தேதியிலேர்ந்து பின்னோக்கி அஞ்சு வருஷம்தான் எங்களால போக முடியும். அதுக்கு முந்தினது போனது போனதுதான். நீங்க ஓய்வு பெற்றாச்சு. இனிமே தள்ளிப்போடற ஒவ்வொரு மாசமும், வேலை பார்த்த ஒரு மாசம் கையை விட்டுப் போகும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள் அப்போதே தம்பியைக் கூப்பிட்டாள். சாயங்காலம் அவன் வந்து, செருப்பைக்கூட கழற்றாமல் வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, இது ஊர் உலகத்துல எல்லாரும் பண்றதுதான். நான் என்ன புதுசாவா கண்டுபிடிச்சேன்? பிடித்தம் குறைஞ்சுது, மாமாவுக்குக் கையில நாலு காசு அதிகம் வந்துச்சு. அப்ப யாரும் வேண்டாம்னு சொல்லலையே?"

"அவருக்கு நாலு காசுன்னா உனக்கு எத்தனை காசுடா? முப்பது வருஷம், அத்தனை ஆளுக்கும் உன் பங்கைப் பாதிதானே கட்டியிருக்கே?"

அவன் குரலை இறக்கினான். "சரிக்கா. தப்பு தப்புதான். ஆனா ஆபீஸ் ஆய்வுன்னு வந்தா பட்டறையே படுத்துரும். கேட்டுக்கோ, ஓய்வூதியத்துல குறையற மீதியை நான் மாசாமாசம் என் கையால தர்றேன். உசுரு இருக்கற வரைக்கும். மாமாவை நான் விட்டுருவேனா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று உலகத்தில் இருந்தது இவன் ஒருத்தன்தான்.

ஒரு வருஷம் சொன்னபடி நடந்தது. முதல் தேதி உறை வந்துவிடும். பிறகு பத்தாம் தேதி வந்தது. பிறகு உறைக்குள் இருந்தது மெலிந்தது. "வியாபாரம் டல்லு" என்றான். அவளும் நம்பினாள்; புது வண்டி வாங்கியிருக்கிறான் என்று அடுத்த தெருவில் ஒருத்தி சொன்னபோதுகூட, கடனில் வாங்கியிருப்பான் என்று இவளே அவனுக்கு வக்காலத்து வாங்கினாள். இரண்டாவது வருஷம் முடியும்போது உறை நின்றே போனது. தொலைபேசியை எடுப்பதும் நின்றது.

அவள் நேரே பட்டறைக்குப் போனாள். விளிம்பு தேய்க்கும் இயந்திரம் தண்ணீரைச் சீறியடித்துக்கொண்டிருந்தது. அதில் நின்றவனை எல்லோரும் பாலீஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்காரரோடு பதினைந்து வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவன். அவளைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். அவள் நேராகத் தம்பியின் கண்ணாடி அறைக்குள் போனாள்.

"குடுக்கறதா இருந்தா குடு. இல்லேன்னா நான் நிதி ஆபீஸுக்குப் போறேன்."

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்கு முதலில் பயம் வந்தது.

"தாராளமாப் போக்கா. அஞ்சு வருஷக் கணக்குல ரெண்டு வருஷம் ஏற்கெனவே காலாவதி. மீதிக்கு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு என்னத்தைக் கொண்டுவருவே?"

"என்ன அஞ்சு வருஷம்?"

"மாமா சொல்லலையா? என்கிட்ட அன்னைக்கே சொன்னாரே. 'மாப்ள, தள்ளிப்போட்டா எங்களுக்குத்தான் நஷ்டம்னு ஆபீஸ்ல சொல்றாங்க, நீ வாக்கு மாறிடாதே'ன்னு."

அவள் வெளியே வந்து வெயிலில் நடந்தாள். மாசாமாசம் அவன் கொடுத்தது தங்கள் பணம் இல்லை, தங்கள் காலத்துக்கு அவன் கொடுத்த விலை என்று நடக்க நடக்கத்தான் புரிந்தது. அதுவும் மலிவான விலை.

வீட்டில் கண்ணாடிக்காரர் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க என்கிட்ட சொல்லலை?"

அவருக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "சொல்லியிருந்தா நீ அன்னைக்கே ஆபீஸ் போயிருப்பே."

"போயிருப்பேன்தான்!"

"அப்புறம் உனக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான். ஒரே ஒருத்தன். என்னால அந்த உறவு அறுந்துச்சுன்னு ஆகக்கூடாதுன்னு நினைச்சேன்."

"அந்த அஞ்சு வருஷக் கணக்கை அவன்கிட்டயே போய் சொன்னீங்களா? திருடன்கிட்ட சாவியைக் குடுத்து, பத்திரமா வச்சுக்கோன்னு சொன்னாப்பல?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் அவனை மச்சினன்னு நினைச்சேன்" என்றார். அவள் அழவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை இருவரும் ஒன்றாக அலுவலகம் போனார்கள். அவர் புகாரில் கையெழுத்துப் போட்டார். அதே அலுவலர். தேதியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்திக் கொடுத்தது, திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"பட்டறையில இப்ப வேலை பார்க்கறவங்களும் குடுக்கலாமா?" என்று கேட்டாள் மனைவி.

"அவங்கதான் முதல்ல குடுக்கணும்மா. பேரை வெளியில விடாதீங்கன்னு கேட்டா விடமாட்டோம். அவங்களுக்கு அஞ்சு வருஷமும் முழுசாக் கிடைக்கும், இனிமே வர்றதும் சரியாயிரும். சராசரியைத் தூக்க அவங்களுக்கு இன்னும் காலம் இருக்கு."

அன்று மாலை அவள் பாலீஷ் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். பாலீஷ் தன் கைபேசியில் நிதிக் கணக்கைத் திறந்து பார்த்தான்.

"முழுச் சம்பளத்துக்கும் பிடிச்சா கையில வர்றது குறையுமேக்கா" என்றான்.

"குறையும். கை கால் நல்லா இருக்கறப்ப குறையும். அப்புறம் கூடும். இவரைப் பாரு, இவருக்கு எப்பவுமே குறைச்சல்தான்."

"கண்ணாடி விழுந்து கை போச்சுன்னா?"

அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் அலுவலகத்தில் கேட்டுவந்து சொன்னாள்: ஊனத்துக்கு வரும் ஓய்வூதியமும், செத்தால் குடும்பத்துக்கு வருவதும் அதே காட்டின சம்பளத்தை வைத்துத்தான். பாலீஷின் மனைவி இந்த முறை கதவை முழுதாகத் திறந்தாள். பட்டறையில் பாதிப் பேர் அவனோடு புகார் கொடுத்தார்கள். மீதிப் பேர் வாயைத் திறக்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். நிதிக்கு அனுப்பிய கணக்கையும், வருமான வரிக்குச் செலவு என்று காட்டிய சம்பளக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வரிக்கு முழுச் சம்பளம், நிதிக்குப் பாதி. தம்பிக்கு நோட்டீஸ் போனது. விசாரணைக்கு வக்கீலோடு வந்து, அந்தப் படி சம்பளமே இல்லை, அன்பளிப்பு என்று வாதாடினான். "மாசாமாசம், எல்லாருக்கும், ஒரே கணக்குல அன்பளிப்பா?" என்று விசாரணை அதிகாரி கேட்டாராம். நிலுவையை வட்டியோடும் அபராதத்தோடும் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. தொழிலாளர் பங்கையும் அவனே கட்ட வேண்டும், பழைய பாக்கி என்று யார் சம்பளத்திலும் பிடிக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. அவன் பிடித்துப் பார்த்தான்; பாலீஷ் நிதி அலுவலகத்தில் போய்ச் சொன்னதும் திருப்பிக் கொடுத்தான்.

கண்ணாடிக்காரரின் ஓய்வூதியத்தைத் திரும்பக் கணக்கிட்டார்கள். முப்பது வருஷச் சராசரியில் மூன்று வருஷத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் சரியாயிற்று. கூடுதலாக வந்த தொகை மின்சாரக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது.

சொந்தக்காரர்கள் நடுவில் கதை வேறு மாதிரி ஓடியது. கூடப்பிறந்தவனை ஆபீஸில் மாட்டிவிட்டவள் என்றார்கள். தம்பி மகளின் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. தெருக்கோடியில் இருந்தவர்களுக்கெல்லாம் வந்தது. பட்டறையிலும் புகார் கொடுக்காத சிலர், இவளைச் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புகார் கொடுக்காமலேயே அவர்கள் கணக்கும் சரியாகிவிட்டது. ஆனால் மாதச் சம்பளத்தில் பிடித்தம் கூடியதுதான் அவர்கள் கண்ணில் நின்றது.

கண்ணாடிக்காரர் வேறொரு கடையில் வாரத்துக்கு மூன்று நாள் வெட்டு வேலைக்குச் சேர்ந்தார். கை முன்போல இல்லை; ஒரு நாள் பெரிய பலகையொன்று கோடு மாறிப் பிளந்தது, கடைக்காரர் அதன் விலையைக் கூலியில் கழித்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் ஈரத் துணியால் விரலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

மனைவி மருந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தக் கடைக்காரர் உங்க பேருக்கு நிதி கட்டறாரா?"

"கேக்கலை."

"கேளுங்க."

"இந்த வயசுல கேட்டா, நாளையிலேர்ந்து வராதேன்னுடுவான்."

அவள் அவர் விரலில் கட்டை இறுக்கிப் போட்டாள். அவர் பல்லைக் கடித்தார். அவள் கட்டைத் தளர்த்தவில்லை.

"நாளைக்கு நானும் கூட வர்றேன்" என்றாள். "நீங்க பேசவேண்டாம்."