முதல் நாள் தண்ணீர் யாருக்கு

வடகரைக் கால்வாயில் நான் மடைக்காரன்; பிச்சைமணி என்று பெயர். எனக்கு நான்கு மடைகள், மடைக்கு நான்கு பேர் வயல். சித்திரையில் சீட்டெடுத்து, யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று நான் மட்டும் குறித்துக்கொள்வேன். முந்தின நாள்தான் வெளியே சொல்வேன். இல்லாவிட்டால் நாளை மாற்றச் சொல்லி என் உயிரை எடுத்துவிடுவார்கள்.

1938-ல் மூன்றாம் மடைச் சீட்டைக் கூரையில் செருகி வைத்தேன். கறையான் அரித்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். விடிந்தால் தண்ணீர் திறக்கவேண்டும். மறுசீட்டு எடுக்க நால்வரும் வேண்டும். செல்லப்பாவும் அவன் தம்பி வல்லிநாயகமும் கொல்லம் போயிருந்தார்கள். மற்ற இருவர், முப்பிடாதியம்மாளும் கடற்கரை என்பவனும், ஊரில்தான் இருந்தார்கள்.

முப்பிடாதியம்மாள் வந்து நின்றாள். நாளைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் அவள் பயிர் கருகிவிடும்.

"ஞாபகம் இருக்கதச் சொல்லும், அண்ணாச்சி."

"செல்லப்பாவுக்கு மறுநாள் அவன் தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே வாய்க்கா, எப்பவும் அப்படித்தான். நீயும் கடற்கரையும் சண்டைக்காரங்க. அடுத்தடுத்து வந்தா மறுசீட்டு போடணும்னு முறை இருக்கு. அப்புறம், முதல் நாள் எனக்கான்னு கடற்கரை கேட்டான். வாய் தவறி இல்லைன்னுட்டேன்."

மத்தியானம் வரை இதையே புரட்டினோம். நேர்வழியில் ஒன்றும் பிடிபடவில்லை.

"தலைகீழாப் பாப்போம்," என்றாள். "முதல் நாள் எனக்கு இல்லைன்னே வச்சுக்கிடும்."

நான்கு கல்லை வரிசையாக வைத்தாள்.

"நான் ரெண்டாவதுன்னா, எனக்கு முன்னால ஒரு எடந்தான். அண்ணன் தம்பியப் பிரிக்க முடியாது, அங்கன கடற்கரைதான் வரணும். அடுத்தடுத்து ஆயிருது, ஆகாது. மூணாவதுன்னா, முன்னால அவங்க ரெண்டு பேரு, பின்னால கடற்கரை. அதுவும் ஆகாது. நாலாவதுன்னா, அவன் ஒண்ணு மூணாவது, இல்லாட்டி முதலாவது. மூணுன்னா பக்கத்துல வந்துருவான். முதல் நாள் அவனுக்கு இல்லைன்னு நீரே சொல்லுதீரு. வேற எடமே இல்ல. அப்ப முதல் நாள் எனக்குத்தான்."

ஓட்டை இல்லை. ஆனால் அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

"ஏட்டி, கடற்கரைக்கு ரெண்டாம் மடையிலயும் வயல் இருக்கு. நான் இல்லைன்னது எந்த மடைக்குன்னு இப்பத் தெரியலயே."

அவள் முகம் செத்துப்போனது. நாங்கள் இருவரும் வாய்மூடி இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அவளோ எழுந்து சேலையை உதறினாள்.

"அது பொய்யின்னா என் கணக்கு நிக்காது. அவன்ட்டயே கேப்போம். எதுக்குக் கேக்கோம்னு மட்டும் சொல்லாதேயும்."

நாங்கள் இருவரும் போனபோது கடற்கரை வரப்பில் நின்றிருந்தான். சித்திரையில் என்னிடம் எதைக் கேட்டாய் என்றேன்.

"மூணாம் மடையிலதான். இந்த வயலுக்கு முதல் நாள் உண்டான்னு கேட்டேன், இல்லைன்னுட்டீரு. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல."

தன் பயிருக்கு எதிராக எவன் பொய் சொல்வான்? இனி நம்பலாம் என்று நடந்ததைச் சொன்னேன். அவன் விரல்விட்டு எண்ணினான். முதலில் முப்பிடாதி, அவளுக்கு அடுத்து அவன் வரக்கூடாது, அதனால் அண்ணன் தம்பி. அவன் நான்காவது. அவன் பயிரும் மஞ்சளித்துத்தான் கிடந்தது.

முப்பிடாதி தலை குனிந்திருந்தாள். விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. அவளால் சொல்லவும் முடியாது.

"கணக்கு சரிதான்," என்றான் கடற்கரை. "விடிஞ்சதும் அவளுக்குத் தெறந்து விடும். நாலு நாள்ல எம் பயிர் செத்துச்சுன்னா, எம் பிள்ளைகளுக்கு நீரு வந்து பதில் சொல்லும்."

சரி என்றேன்.