தராசில் விழுந்த பல்

லாரி டிரைவர் நகைக்கடை முதலாளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிமேல் மோதினார். கண்ணாடி நொறுங்கி, முதலாளியின் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

“நாப்பது கிராமும் தங்கம், கல்லெல்லாம் கெம்புன்னு சொல்லி என் பொண்ணு கழுத்துல கண்ணாடிய மாட்டி விட்டிருக்கீங்களேய்யா!”

ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் ஆசாரி கழற்றித் தந்த சிவப்புக் கற்களையும் நெக்லஸையும் அவர் மேஜைமேல் விட்டெறிந்தார். முதலாளி ஒரு கல்லை லென்ஸில் பார்த்தார். உள்ளே காற்றுக் குமிழிகள் தெரிந்தன. கல் கழற்றிய நெக்லஸைத் தராசில் வைத்தார். முப்பத்திரண்டு கிராம்தான் காட்டியது. அதை விற்றவன் பக்கத்திலேயே நின்ற அவருடைய சொந்தத் தம்பி.

“தங்கம் எவ்வளவு, கல் எவ்வளவு, கல்லு வெறும் கண்ணாடின்னு தனித்தனியா எழுதித்தானேடா நகையில சீட்டு கட்டினேன்?”

“அதக் கிழிச்சுட்டேண்ணே. ஆனா ஹால்மார்க் அசல்தானே? தொள்ளாயிரத்துப் பதினாறு...”

“அது தங்கத்தோட தரத்துக்குடா, நாயே! கண்ணாடிக்கு எவன்டா முத்திரை குத்தினான்?”

கேட்டு முடிக்குமுன்னே குத்து இறங்கிவிட்டது. தம்பியின் பல் ஒன்று தெறித்து, ரத்தத்தோடு நெக்லஸின் மேலேயே விழுந்தது. அடிக்க வந்த டிரைவரே இரண்டடி பின்வாங்கினார். முதலாளிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தம்பியின் பிடரியைப் பிடித்துத் தராசுக்கு நேராக அழுத்தினார்.

“பாருடா, எடை ஏறியிருக்கு. இதையும் தங்கம்னு சொல்லி வித்துடு.”