ஆருடைய கல்வெட்டு

என் மனைவி அம்பிகை இறந்த முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அன்றைய அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தைத் திங்கட்கிழமை யாழ்ப்பாணத்து அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். தேவாரத்தையும் வம்சாவளியையும் உறவினர் பார்த்துக்கொண்டார்கள். ‘என் இல்லாள்’ என்ற நினைவுக் கட்டுரை மட்டும் என் பொறுப்பு. முப்பது வருடம் வேலணையில் தமிழ் படிப்பித்தவன் இருக்க, வேறு யார் எழுதுவது?

எழுதி முடித்து, அவளுடைய அக்கா சறோஜினிதேவியிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். உண்மையில் எதிர்பார்த்தது பாராட்டைத்தான். வெள்ளிக்கிழமை தாள்களோடு வந்து கதிரையில் இருந்தா.

“தொடக்கத்தில ஒரு தேவாரம் போடும். ‘வெறுமை’ எண்டது நல்லாயில்லை, ‘ஆறாத்துயர்’ எண்டு எழுதும். அவள் எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனவள் எண்டு மூண்டாம் பக்கத்தில விளங்கேல்லை. மற்றது, ‘நான்’ முப்பத்தொரு தரம் வருது. அம்பிகை நாலு தரம். ஆருடைய கல்வெட்டு இது? செத்தது நீரோ?”

“நினைவுக் கட்டுரை எண்டால் எழுதுறவன்ர மனம்தான், மச்சாள்.”

“ஓம். அவளும் அதுக்குள்ள இருக்கோணுமெல்லே.”

அவ போன பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் நான் முறை தெரிந்தவன். அவ சொன்னதைத் தரம் பிரிக்க ஒரு தாளின் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் ‘பயன்’, வலப்பக்கம் ‘ருசி’ என்று எழுதினேன். வாசிப்பவர் தான் தடுக்கி விழுந்த இடத்தைக் காட்டினால் அது பயன். தான் எழுதினால் எப்படி எழுதுவார் என்று சொன்னால் அது வெறும் ருசி. பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தது.

தேவாரம், ருசி. ஆறாத்துயர், ருசி, வேலணைத் தீவில் அது இல்லாத கல்வெட்டே கிடையாது. ஆஸ்பத்திரி, பயன். உடனே திருத்திவிட்டு என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன். ‘நான்’ கணக்கை ருசிப் பக்கம் எழுதியபோது பென்சில் முனை முறிந்தது.

முனை தீட்டும்போதுதான் உறைத்தது. வலிக்காததையெல்லாம் யோசித்துப் பிரித்திருந்தேன். வலித்ததை யோசியாமலே எறிந்திருந்தேன். அவவின் கணக்கைப் பிழையென்று காட்டுவதற்காக எண்ணினேன். பிழைதான், முப்பத்துநாலு. அம்பிகை வந்த நாலு வசனங்களில் எனக்குத் தேத்தண்ணி தந்தாள், ஸ்திரிக்கைப்பெட்டியால் என் சேட்டு மினுக்கினாள், எனக்காகக் காத்திருந்தாள், என்னை விட்டுப் போனாள். வெட்கமாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் மச்சாளின் ஊரான சரவணைக்குச் சைக்கிள் மிதித்தேன்.

“மச்சாள், தேவாரமும் போடமாட்டன், ஆறாத்துயரும் போடமாட்டன். ‘நான்’ பற்றிச் சொன்னது மட்டும் சரி. அவளைப் பற்றிச் சொல்லுங்கோ, எழுதுறன்.”

“நீர் பேப்பருக்கு எழுதினதெல்லாம் ஒண்டும் விடாமல் வாசிக்கிறவள். ‘இவற்ர எழுத்தில வேற ஆக்களே இல்லை, இவர்தான் நிக்கிறார்’ எண்டு எனக்குச் சொல்லுவாள்.”

“எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே.”

“ஒருக்கால் சொன்னவளாம். ‘அது உன்ர ருசி’ எண்டு சொன்னீராம்.”