விலைவாசிக் கட்டத்தில் ஒரு சைபர்

அவள் அலுவலகத்துக்குள் நுழையும்போதே மாமாவுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு, வாய் காதுவரை விரிந்திருந்தது. பின்னால் ஒருவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சின்னவளே, இவர்தான் சிரிப்பு. முப்பது வருஷமா எங்கூட லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். இவருக்கும் எனக்குப் போட்ட மாதிரியே ஒரு கணக்குப் போட்டுக் கொடு. நாளைக்கே வேலைய விடப்போறார்."

சிரிப்பு என்று பெயர் வாங்கிய மனிதர் சிரித்தே பார்த்ததில்லை என்பது மாமா வீட்டில் பழைய கதை. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் மடித்த ஒரு காகிதம் தெரிந்தது. ராஜினாமாக் கடிதமாகத்தான் இருக்கவேண்டும்.

ஓய்வுக்காலப் பணத்தை எப்படி எடுத்துச் செலவழிப்பது என்று சொல்வதுதான் அவள் தொழில். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் வந்தால், அவர் சேர்த்ததை நூறு என்று வைத்துக்கொண்டு, கணினியில் விலைவாசி ஏற்றத்துக்கான கட்டத்தில் சைபர் போட்டு முதலில் ஒருமுறை கணக்கை ஓட்டிப் பார்ப்பாள். கணக்கு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மட்டும். அந்த எண்ணை யாருக்கும் காட்டமாட்டாள். பிறகுதான் விலைவாசியைப் போட்டு உண்மைக் கணக்கை எடுப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாமா அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த வெள்ளோட்ட எண்ணை எட்டிப் பார்த்துவிட்டார். முதலீடு வருஷத்துக்கு எட்டு சதவீதம் வளர்ந்தால், நூறிலிருந்து வருஷா வருஷம் எட்டுக்குக் கொஞ்சம் மேலேயே எடுக்கலாம், முப்பது வருஷம் தாங்கும். அப்படித்தான் திரையில் இருந்தது.

"எட்டா! எங்களுக்கு அது போதுமே!" என்று மாமா துள்ளிக் குதித்தார். அன்று அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறி முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. ராத்திரியில் எப்போது போன் அடித்தாலும் ஓடவேண்டும். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை.

விலைவாசி வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறும் என்று அந்தக் கட்டத்தில் போட்டிருந்தால், எட்டு என்பது நாலே காலாகச் சுருங்கியிருக்கும். அவள் போடவில்லை. நல்ல செய்தி சொல்கிறவளாக ஒரு நாள் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். போதாக்குறைக்கு மாமா, "விலை ஏறுமே?" என்று கேட்டபோது, எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வாக்கியம் தானாக வந்து விழுந்தது: "ஏறுற அளவுக்கு வருஷா வருஷம் கூட்டி எடுத்துக்கலாம் மாமா." நாலே காலுக்குச் சொல்லவேண்டிய வாக்கியத்தை எட்டுக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே மாமா வேலையை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வாயைத் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் மீதியைப் பார்த்து மாமா பூரித்துப் போவார். நூறு இன்னும் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் நிற்கிறதே! வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது குறையாத குடம். ஆனால் எடுக்கும் தொகை எட்டிலிருந்து ஏறி ஏறி இந்த வருஷம் பத்தைத் தொட்டுவிட்டது. பணம் வளர்வது எட்டு சதவீதம்தான். எடுப்பு அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் மளமளவென்று கரையும். இதே போக்கில் போனால் இன்னும் பத்து வருஷம், அதோடு துடைத்துப் போட்ட மாதிரிதான். அப்போது மாமாவுக்கு எழுபத்திரண்டு, அக்காவுக்கு அறுபத்தொன்பது. அவளுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே அக்கா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டாள்.

"என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார் சிரிப்பு.

அவருக்கும் ஐம்பத்தெட்டு. அவருக்கும் பணம் முப்பது வருஷம் தாங்கவேண்டும். இரண்டு பேர் சேமிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். விலைவாசிக் கட்டத்தில் ஆறு போட்டாள். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"நூறுக்கு நாலே கால். அதுவும் ஒவ்வொரு வருஷமும் தவறாம எட்டு சதவீதம் வளர்ந்தாத்தான். சந்தை அப்படி ஒழுங்கா வளராது. நீங்க எடுக்க ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு வருஷத்துல விழுந்துச்சுன்னா, விழுந்த பணத்துலேருந்து எடுத்தது திரும்ப வளர வழியில்ல. அதனால நாலுக்கு மேல போகவேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்."

சிரிப்பு மாமாவைப் பார்த்தார். "எட்டுன்னு சொன்னீங்களே?"

"எட்டுதான்!" மாமா திரைப் பக்கம் குனிந்தார். "சின்னவளே, எதையோ மாத்திப் போட்டுட்ட. எனக்குப் போட்டதையே போடேன்."

"மாமா, உங்களுக்குப் போட்டதுதான் தப்பு."

பக்கத்து அறையில் யாரோ நகல் எடுத்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. அவள் முழுவதையும் சொன்னாள். சைபர் போட்டதை, மாமா எட்டிப் பார்த்ததை, தான் பேசாமல் இருந்ததை, கூட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னதை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ இனிமே எங்களுக்கு எவ்வளவு?"

"இருக்கிறத வச்சு, பாக்கி இருபத்தாறு வருஷத்துக்கு... இந்த வருஷம் நாலரை மாமா. பத்து எடுக்கறதா இருந்தீங்க."

"பாதிகூட இல்ல."

"இல்ல."

சிரிப்பு சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, யாரோ மூன்றாம் மனிதருக்காகக் கேட்பதுபோல, "உங்க பக்கம் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்றார்.

"அறுபது தாண்டினவங்களை எடுக்கறதில்லையே," என்றார் சிரிப்பு. பிறகு, "கேட்டுப் பாக்கறேன்," என்று சேர்த்துக்கொண்டார்.

மாமா எழுந்தார். "உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். நான்தான் காதுல சரியா வாங்கலன்னு சொல்லிடறேன். நீ ஒண்ணும் பேசாத. அவ அறுபத்தஞ்சு வரைக்கும் வேலைக்குப் போகச் சொன்னா. உன் பேரைச் சொல்லித்தான் அவ வாயை அடைச்சேன்."

இதைவிட அவர் அவளை அறைந்திருக்கலாம். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அவள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, பிறகு அது நின்றது.

"தெரியாம போட்டியா, தெரிஞ்சே போட்டியா?" என்றாள் அக்கா.

மாமா வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"தெரிஞ்சேதான் அக்கா."

அக்கா குழாயை மறுபடி திறந்து மூடுவது கேட்டது. அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

"அவரைத் தனியா அனுப்பாத," என்றாள் கடைசியில். "வீட்டு வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடு. உள்ள வரவேண்டாம்."